ஆறு பித்தளைத் தவலைகள், ஒடுக்கு இல்லை

ஒரு பாத்திரத்தைப் படம் எடுக்க இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றுதான் ஜெசியைப் பார்த்ததும் நினைத்தேன். ஆட்டோவில் வந்து இறங்குகிறவள் பெரிய காமிராவும் விளக்கும் கொண்டுவருவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கொண்டுவந்ததோ ஒரு போன், ஒரு வெள்ளை வேட்டி, ஒரு தெர்மாகோல் அட்டை, தையல்கடை டேப், கையில் தொங்கவிட்டு நிறுக்கிற சின்னத் தராசு. அவ்வளவுதான். எங்கள் காரைக்குடி செக்காலையில் சகாய ஆண்டனி வாத்தியார் மகள் இவள். முறுக்கு சுடுகிறவர்கள், சேலைக் கடைக்காரர்கள், வீட்டிலிருக்கிற பழைய சாமானைத் தள்ளிவிட நினைக்கிறவர்கள் எல்லாருக்கும் படம் எடுத்து, விவரம் எழுதி, நெட்டில் தன் கடைப் பக்கத்தில் போட்டு விற்றுக் கொடுக்கிறாள். விற்றால் அவளுக்கும் ஒரு பங்கு.

நான் விற்க நினைத்தது ஆறு பித்தளைத் தவலைகளை. என் கல்யாணத்தில் என் ஆத்தா கொடுத்த சீர். ஆறும் ஒரே அச்சு, வயிறு உருண்டு, வாய் அகன்று, ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கனம். ஒருநாளும் அடுப்பில் ஏறியதில்லை. கழுத்தில் எங்கள் ஆத்தா வீட்டு எழுத்து வெட்டியிருக்கும்.

இதை நான் யாருக்கும் தெரியாமல் விற்க வேண்டும். காரணம் என் வாய்தான். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தன்று பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரம் பண்டத்தையெல்லாம் கூடத்தில் பரப்பி வைப்பார்கள். வருகிற ஆச்சிமார் சுற்றி வந்து பார்ப்பார்கள். என் மகள் சிகப்பி கல்யாணத்தில் அப்படிப் பரப்பி வைத்திருந்தபோது, சம்பந்தி கண்ணம்மை ஆச்சி ஒரு வரிசையை மட்டும், ஏதோ குறைகிறது என்பது போல மறுபடி மறுபடி பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "இது போக வீட்டுல ஆறு தவலை இருக்கு. எங்க ஆத்தா குடுத்தது. அவ்வளவும் சிகப்பிக்குத்தான்" என்று கூட்டத்தில் சத்தமாகச் சொன்னேன். யாரும் கேட்காமல் நானாகச் சொன்னது. சிகப்பி மாப்பிள்ளை, மாமியாரோடு கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீட்டில் குடியேறினாள். அங்கே தவலை வைக்க இடமில்லை. அதனால் தவலைகள் என் அறையிலேயே இருந்துவிட்டன. வாக்கு மட்டும் சம்பந்தி வீட்டில் இருந்தது.

போன மழையில், பங்காளிகளோடு பிரித்துக்கொண்ட இந்த வீட்டில் என் பங்குக்கு வந்த அடுப்படிக்கு மேலே உத்தரம் இற்றுவிட்டது. அடுத்த மழையைத் தாங்காது என்று கொத்தனார் கையை விரித்துவிட்டார். என் வீட்டுக்காரர், சிகப்பி அப்பச்சி, போய்ச் சேர்ந்த பிறகு எனக்கு வருமானம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மகளிடம் கேட்கலாம். ஆனால் மகள் கையில் இருப்பது மாப்பிள்ளை வீட்டுக் காசு. பெண்ணைக் கொடுத்த இடத்தில் கையை நீட்டுவதற்குப் பதில் நான் அந்த உத்தரத்துக்கு அடியிலேயே நின்றுகொள்வேன்.

"ஜெசி, யாரு வீட்டுச் சாமான்னு ஒரு ஈ காக்கைக்குத் தெரியக் கூடாது. என் பேரு வரப்படாது. எழுத்தும் படத்துல தெரியப்படாது."

"பேரு போட மாட்டேன் ஆச்சி. ஆனா எழுத்து இருக்குன்னு விவரத்துல சொல்லியே ஆகணும். மறைச்சா, வாங்குனவுக பாத்துட்டுத் திருப்பி அனுப்பிருவாக. அப்புறம் என் கடைக்குத்தான் கெட்ட பேரு."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். எழுத்து பின்பக்கம் திரும்பியிருக்கும். 'கழுத்தில் பழைய குடும்ப எழுத்து வெட்டியிருக்கிறது, விரும்பிக் கேட்பவர்களுக்குத் தனியாகப் படம் அனுப்பப்படும்' என்று எழுதுவாள். நான் தலையாட்டினேன்.

பிறகு அவள் வேலை ஆரம்பித்தது. முதலில் ஒரு தவலையை மட்டும் எடுத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றாள். அதைத் தூக்கிக்கொண்டுபோய், வெயில் நேராக விழாமல் வெளிச்சம் மட்டும் ஒரு பக்கத்திலிருந்து வருகிற இடமாகப் பார்த்து, வீட்டு நடு முற்றத்தைச் சுற்றிய வளவில் வைத்தாள். பின்னாலும் அடியிலும் வேட்டியை மடிப்பில்லாமல் விரித்தாள். வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோலை நிறுத்தியதும் தவலையின் இருண்ட பக்கமும் கொஞ்சம் தெளிந்தது. போனின் கண்ணாடியைத் துணியால் துடைத்தாள். கிட்டே போகாமல் நாலடி தள்ளி நின்று, போனில் கொஞ்சம் பெரிதாக்கிக்கொண்டாள்.

"கிட்ட போய் எடுத்தா வயிறு ஊதிப் போயி, கழுத்து சின்னதாத் தெரியும் ஆச்சி. உருவமே மாறிரும்."

திரையில் தவலை மேல் விரலை வைத்தாள். வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினாள். இறக்காவிட்டால் பித்தளை வெளுத்துப்போகுமாம். முன்பக்கம், மேலிருந்து, உள்பக்கம், அடிப்பக்கம், கறை இருக்கிற இடம் என்று தனித்தனியாக எடுத்தாள். பக்கத்தில் டேப்பை நிமிர்த்தி வைத்து அளவு தெரிய ஒன்று. ஒவ்வொன்றையும் எடுத்த உடனே இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலைக்கு மூலை நகர்த்திப் பார்த்தாள்.

"இது எதுக்கு?"

"தூசி, முடி, என் கால் விரலு, எதாச்சும் விழுந்திருக்கும் ஆச்சி. எடுக்குறப்போ கண்ணு பொருளை மட்டுந்தான் பாக்கும். வாங்குறவுக எல்லாத்தையும் பாப்பாக."

அன்று அது எனக்குப் பெரிய பேச்சாகப் படவில்லை. எனக்கு வேறு கவலை. அவள் காட்டிய படத்தில் தவலை அப்படியே தெரிந்தது. அதுதான் பிரச்சினையே. இத்தனை வருஷம் அறையில் கிடந்து கறுத்த கறுப்பு, பச்சை பூத்த இடம், தண்ணீர் பட்ட திட்டு, எல்லாம் எண்ணி வைத்த மாதிரி தெளிவாகத் தெரிந்தன.

"விளக்கிட்டு எடுக்கலாமே, ஜெசி. இப்புடி அழுக்கா ஊருக்குக் காட்டுறதா?"

"வேணாம் ஆச்சி. பழசு வாங்குறவுகளுக்கு இந்த நிறந்தான் வேணும். தேச்சுப் பளபளன்னு ஆக்கினா புதுசுன்னு சந்தேகப்படுவாக. படம் எடுக்குறதும் கஷ்டம்."

படம் எடுப்பது ஏன் கஷ்டம் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அவளும் விளக்கவில்லை. உட்கார்ந்து விவரம் எழுதினாள். தலைப்பில் முதலில் பொருளின் பெயர். ஆட்கள் தேடும்போது என்ன அடிப்பார்களோ அதுதான் முதலில் இருக்க வேண்டுமாம். அப்புறம் உயரம், வாய் அகலம், எடை, எத்தனை லிட்டர் தண்ணீர் பிடிக்கும், உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா இல்லையா, எங்கே கறை, எங்கே கீறல். ஈயம் பூசவில்லை, புளி சேர்த்துச் சமைக்க ஆகாது, பூ மிதக்கவிடவும் அலங்காரத்துக்கும் ஆகும் என்று அதையும் எழுதினாள். அழகு, அருமை, கலைநயம் என்று ஒரு வார்த்தை இல்லை.

"விக்கிறதுக்கு எழுதுறியா, வேணாம்னு சொல்றதுக்கு எழுதுறியா?" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

அவள் போன பிறகு என் போனில் அந்தப் படத்தைத் திறந்து திறந்து பார்த்தேன். சிகப்பி வாங்கிக் கொடுத்த போன் அது. பார்க்கப் பார்க்க மனம் கூசியது. என் ஆத்தா வெள்ளிக்கிழமை தவறாமல் பாத்திரம் விளக்க ஆள் வைத்திருந்தவள். அவள் கொடுத்த தவலை, குப்பையில் பொறுக்கிய மாதிரி உலகம் முழுவதும் பார்க்கக் கிடக்கிறது. என் பெயர் இல்லைதான். இருந்தாலும் பார்க்கிறவர்கள் எந்தச் சோம்பேறி வீட்டுச் சாமானோ என்றுதானே நினைப்பார்கள்? சாமானைப் பரப்பினால் அது மின்ன வேண்டும் என்று வளர்ந்தவள் நான். விற்பதற்குப் பரப்பினாலும் பரப்புவது பரப்புவதுதானே?

நாலைந்து நாள் போயிற்று. படத்தை நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள், யாரும் வாங்கவில்லை. பொறுங்கள், பழைய சாமானுக்கு ஆள் தேடி வர நாளாகும் என்றாள் ஜெசி. எனக்குப் பொறுமை கிடையாது. புளியைக் கரைத்தேன். செங்கல் பொடியைச் சலித்தேன். ஆறு தவலையையும் வளவில் உருட்டி வைத்துத் தேய்த்தேன், தேய்த்தேன், தோள்பட்டை கழன்றுவிடும் வரை தேய்த்தேன். கடைசியில் விபூதியைத் தூவி வேட்டித் துணியால் துடைத்ததும் பாருங்கள், தவலையா அது! வெளிச்சம் பட்டால் கண்ணைச் சுருக்க வேண்டும். அன்றைக்கு என்னைப் பிடிக்க ஆளில்லை.

தேய்க்கும்போதுதான் கண்டேன். ஒரு தவலையின் அடி வயிற்றில் ஓர் ஒடுக்கு. உள்ளங்கை அளவு. எப்போது விழுந்ததோ. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

ஜெசியைக் கூப்பிட்டால், பிள்ளையார்பட்டியில் இருக்கிறேன் என்றாள். அங்கே கோயில் கடைத்தெருவில் ஒரு விளக்குக் கடைக்காரருக்குப் படம் எடுக்கப் போயிருந்தாள். இரண்டு நாளில் வருகிறேன் என்றாள். இரண்டு நாளில் பித்தளை மறுபடி மங்கிவிடாதா? படம் எடுக்க என்ன பெரிய படிப்பா வேண்டும், என்னிடமும் போன் இருக்கிறது. ஆறையும் வரிசையாக வைத்து, எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, தெளிவாகத் தெரியட்டும் என்று கிட்டே போய் எடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். விரலை வைத்து வெளிச்சத்தை இறக்கினேன். அவள் செய்தது எல்லாம் செய்தேன் என்றுதான் நினைப்பு. வந்த படம் தங்கமாக இருந்தது. அதை அவளுக்கு அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பினேன்.

"ஜெசி, அந்த அழுக்குப் படத்தை எடுத்துட்டு இதைப் போடு. ஆறும் சேத்துத்தான் குடுப்பேன்னு எழுது. ஒரு ஒடுக்கு, ஒரு கீறல் கிடையாதுன்னும் எழுது. எல்லாத்தையும் நானே தேச்சுப் பாத்துட்டேன்."

அவள் கடைத்தெருவில் உச்சி வெயிலில் நின்றிருக்கிறாள். சுற்றிக் கூட்டம். கடைக்காரர் ஒரு பக்கம் அவசரப்படுத்த, நான் ஒரு பக்கம் மாற்றி மாற்றிக் கூப்பிட, சரி ஆச்சி என்று போட்டுவிட்டாள்.

நம்பினால் நம்புங்கள், சாப்பிட்டுக் கையைக் கழுவுவதற்குள் ஜெசி கூப்பிட்டாள். "ஆச்சி, வித்துருச்சு! ஆறும்! ஒரே ஆளு. கோயம்புத்தூரு. பேரம் கூடப் பேசல."

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா? பளபளப்புக்குத்தான் மதிப்பு. இனிமே என்கிட்டப் படிச்சுக்க" என்றேன். கொத்தனாருக்குப் போன் போட்டு உத்தரத்துக்கு மரம் பார்க்கச் சொன்னேன். அன்று சாயங்காலம் கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் காரணமில்லாமல் சிரித்துப் பேசினேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

இரண்டு நாள் கழித்து ஜெசி பழைய போர்வைகளும் அட்டைப் பெட்டிகளும் தூக்கிக்கொண்டு கட்ட வந்தாள். கட்டுவதற்கு முன் ஒவ்வொரு தவலையையும் சுற்றிப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம், வழியில் அடிபட்டால் காட்டுவதற்கு. ஐந்தாவதைத் திருப்பியவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆச்சி, இங்குட்டு ஒரு ஒடுக்கு இருக்கே."

"அது சின்னது."

"கிடையாதுன்னு எழுதச் சொன்னீக."

"அடியிலதானே இருக்கு? யாரு குனிஞ்சு பாக்கப் போறாக?"

அவள், வாங்கியவர்களுக்குக் காட்டியது எது, இருப்பது எது என்று ஒப்பிடப் போனைத் திறந்து நான் எடுத்த படத்தைப் பார்த்தாள். வழக்கம் போல இரண்டு விரலால் பெரிதாக்கினாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒடுக்கு படத்திலும் தெரிந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஆச்சி," என்றாள் மெதுவாக. "இதைக் கொஞ்சம் பாருங்க."

போனை வாங்கினேன். நடுத் தவலையின் வயிறு திரை முழுக்க இருந்தது. அதற்குள்ளே நான் இருந்தேன்.

நிழல் மாதிரி இல்லை, மங்கலாக இல்லை. கண்ணாடியில் போல. தரையில் சப்பணமிட்டு, தேய்க்கும்போது முழங்காலுக்கு மேல் செருகிய சேலையை இறக்காமல், அவிழ்ந்த முடியோடு, வியர்வையோடு, வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, இரண்டு கையாலும் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். உருண்ட வயிறு என் பின்னால் இருந்த வளவு முழுவதையும் உள்ளே வாங்கியிருந்தது. தூண்கள், என் அறை வாசல், வாசலுக்கு மேல் மாலை போட்ட அப்பச்சி படம். எங்கள் வீட்டில் ஒரு தடவை காப்பி குடித்தவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள், இது யார் வீடு, உட்கார்ந்திருப்பது யார் என்று. பக்கத்துத் தவலையிலும் நான். அதற்கடுத்ததிலும் நான். ஒரு கழுத்து எழுத்தை மறைக்க அவ்வளவு சட்டம் பேசியவள், ஆறு தவலையிலும் என்னையே உட்கார வைத்து ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

"பளபளன்னு இருந்தா எதிர இருக்கிறதெல்லாம் உள்ள விழும் ஆச்சி. அதுக்குத்தான் வேணாம்னேன். அப்புடி எடுக்கணும்னா முன்னாலயும் வெள்ளைத் துணி கட்டி, நடுவுல ஓட்டை போட்டு அது வழியாத்தான் எடுக்கணும்." அவள் குரல் இறங்கிவிட்டது. "தப்பு என்னோடது. வெயில்ல திரை தெரியல. பெருசாக்கிப் பாக்காம ஒரு படம் கூடப் போட்டதில்ல நான். அன்னைக்குப் பாக்காமப் போட்டுட்டேன்."

அவளைத் திட்ட எனக்கு ஆசைதான். சேலையை இழுத்து முழங்காலை மூடிக்கொண்டேன், இப்போது மூடி என்ன ஆகப் போகிறது என்று தெரிந்தும்.

"எத்தனை பேரு பாத்திருப்பாக?"

"ரொம்ப நேரம் இல்ல ஆச்சி. சாமான் வித்துருச்சுல்ல, வித்த உடனே படம் தானா மறைஞ்சுரும். வாங்குனவுகதான் நல்லாப் பாத்திருப்பாக. அவுக கோயம்புத்தூரு. பேரு வின்சி. உங்களை யாருன்னு அவுகளுக்குத் தெரியவா போகுது?"

கொஞ்சம் மூச்சு வந்தது. யாரோ வின்சி. முகம் தெரியாத பெண். ஒரு கிழவி முழங்கால் தெரிய உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்திருப்பாள். சிரிக்கட்டும்.

"ஆனா ஒடுக்கைச் சொல்லிரணும் ஆச்சி. சொல்லாம அனுப்ப மாட்டேன். வேணாம்னா வேணாங்கட்டும். நீங்களே சொல்றீகளா, நான் சொல்லவா?"

நானே சொல்கிறேன் என்றேன். பொய்யை எழுதச் சொன்னவள் நான். ஜெசி அந்த வின்சியின் நம்பரைப் போட்டு, நானும் பேசும்படி சத்தமாக வைத்தாள்.

"வணக்கம்ங்க, காரைக்குடியிலேருந்து பேசுறோம். தவலை வாங்கியிருந்தீகல்ல..." என்று ஜெசி ஆரம்பித்தாள்.

எதிர்ப்பக்கம் அந்தப் பெண் பதில் சொல்லாமல், போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டாள். அது எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "சிகப்பி, உன் தவலைக்காரங்க பேசுறாங்க. என்ன சொல்லட்டும்?"

ஜெசிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. கோயம்புத்தூரில் சிகப்பிகள் நூறு பேர் இருக்கட்டும். கீழ்வீட்டில் வின்சி என்று ஒரு பெண், அவள் சுடுகிற கேக் நன்றாக இருக்கும் என்று போனில் என்னிடம் சொல்கிற சிகப்பி ஒருத்திதான்; பெயரைக் கேட்டபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சிகப்பி" என்றேன்.

அங்கே போன் கை மாறியது. கதவு சாத்துகிற சத்தம்.

"ஆத்தா."

"நீயா வாங்கினே?"

"ஆமா."

"எதுக்குத்தா?"

"அத்தை அந்தக் கடைப் பக்கத்தைத் தினமும் பாப்பாக. மத்தியானம் சாப்பிட்டுட்டு, பெரிய திரையில வச்சு ஒவ்வொண்ணாப் பெருசு பண்ணிப் பாப்பாக. பித்தளைன்னா விடவே மாட்டாக. அன்னைக்கு நான்தான் முதல்ல பாத்தேன். பாத்த உடனே நீங்கன்னு தெரிஞ்சுருச்சு. வாங்கிட்டா படம் போயிருமேன்னு ஆறையும் வாங்கிட்டேன். என் பேருல வாங்குனா சாமான் எங்க வீட்டுல வந்து நிக்கும், அத்தை பாத்துருவாக, அதான் வின்சிக்கா பேருல. அத்தை பாக்கல. நீங்க பயப்படாதீக."

என் மகள் எனக்கு, பயப்படாதே என்று தைரியம் சொல்கிறாள். அவள் தன் மாமியாருக்கு முன்னால் என் மானம் போகாமல் இருக்க, ஓடிப்போய்க் கையிலிருந்ததைப் போட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல், கீழ்வீட்டுப் பெண் பெயரில் வாங்கி வைத்திருக்கிறாள். நான் இங்கே பளபளப்புக்கு மதிப்பு என்று பெருமையடித்துக் கோயிலைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அது மட்டுமா? அவள் காசு கொடுத்து வாங்கியது எதை? கூட்டத்தில் வைத்து அவ்வளவும் உனக்குத்தான் என்று நான் கொடுத்ததை. அவளுடையதை அவளுக்கே விற்றிருக்கிறேன். ஒடுக்கு இல்லை என்று பொய் சொல்லி விற்றிருக்கிறேன்.

"அடுப்படி உத்தரம் இத்துப்போச்சு சிகப்பி" என்றேன். காரணம் சொன்னால் கொஞ்சம் தலை நிமிரும் என்று நினைத்தேன். நிமிரவில்லை.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே ஆத்தா."

"உன்கிட்ட எப்புடிக் கேக்குறது?"

"காசு கேக்க வேணாம். தவலையை விக்கட்டுமான்னு கேட்டிருக்கலாம். வித்துக்கங்கன்னு சொல்லியிருப்பேன். எனக்கு எதுக்கு ஆறு தவலை? வைக்க இடமா இருக்கு?"

அவளுக்கு வேண்டுமா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. கொடுக்கிறேன் என்று சொல்லும்போதும் கேட்கவில்லை, எடுத்து விற்கும்போதும் கேட்கவில்லை. ஜெசி போனை என் கையில் வைத்துவிட்டு, பெட்டியை எடுக்கிற மாதிரி எழுந்து முகப்புப் பக்கம் போய்விட்டாள். நல்ல பெண். ஆனால் போகும்போது அவள் என்னைப் பார்க்காமல் போனாள், அது தாங்கவில்லை.

"உன் காசைத் திருப்பி அனுப்பச் சொல்றேன். படத்தை ஜெசியே எடுத்து, வேற ஆளுக்குக் குடுத்துக்கிறேன். இப்பக் கேக்குறேன் சிகப்பி. வித்துக்கிறட்டுமா?"

"வித்துக்கங்க ஆத்தா."

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். போனை எப்படி வைப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவளே மறுபடி பேசினாள்.

"ஒண்ணு மட்டும் எனக்கு அனுப்புங்க."

"எதை வேணும்னாலும் எடுத்துக்க. ஒடுக்கு இல்லாததா நல்லதாப் பாத்து அனுப்புறேன். அதுக்கு நீ காசு..."

"இல்ல ஆத்தா. அஞ்சுக்குக் காசைத் திருப்புங்க. ஒண்ணுக்கு வேணாம். காசு குடுத்து வாங்கினதாவே இருக்கட்டும். அப்பத்தான் அது என்னோடது."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். குத்திக் காட்டியிருந்தால் அழுது ஒருவழியாகச் சமாளித்திருப்பேன். கடைக்காரரிடம் கணக்குச் சொல்வது போல, சாதாரணமாக, மரியாதையாகச் சொன்னாள். சரி என்றேன். வாங்குகிறவர்களிடம் விற்கிறவர்கள் சொல்வது போலவே, சீக்கிரம் அனுப்பி வைக்கிறேன் என்றும் சொன்னேன்.